போதை இல்லை... சர்க்கரை இறங்கி மயக்கம்! மது வாடை வந்தால் ஆளையே கைவிட்டு விடுவதா?

சென்னையில் ராத்திரி 10 மணிக்கு டாஸ்மாக் கடைகள் மூடியதும் பிளாட்பாரத்திலும் பஸ் நிழற்குடையிலும் நாலு பேர் சுருண்டு கிடப்பது வழக்கமான காட்சி. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். ரோந்து போலீஸ் வந்தால் லத்தியால் தட்டிப் பார்ப்பதோடு சரி. "காலையில தெளிஞ்சிடும், விடு" என்பதுதான் எல்லோருடைய தீர்ப்பும்.

தெளியாத ஆசாமியும் அதில் உண்டு. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுகிறவர், மாத்திரை சாப்பிடுகிறவர் குடித்துவிட்டுப் படுத்தால், ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக இறங்கி நினைவே தப்பிவிடும். அதுவும் குடித்த உடனே அல்ல. பல மணி நேரம் கழித்து, வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில்!

மாத்திரை 8 மணிக்கு... ஆபத்து 4 மணிக்கு!

பாரிமுனையில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். வயது 50. கிளிமிபிரைடு கலந்த மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அன்றைக்கு ஆபீசில் கணக்கு முடிக்கும் நாள். மத்தியானம் தயிர் சாதம் அரை டப்பாதான் இறங்கியது.

ராத்திரி 8 மணிக்கு நண்பர்களோடு பாரில் உட்காருகிறார். "சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை" என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வர, பொறுப்பாக மாத்திரையை விழுங்குகிறார். அங்கேதான் வில்லங்கம்! மாத்திரை உள்ளே போயிற்று, சாப்பாடு போகவில்லை. ஒரு குவார்ட்டர் பிராந்தி, கொஞ்சம் சுண்டல், ஒரு ஆம்லெட், அவ்வளவுதான். 11 மணிக்கு வீட்டுக்கு வந்தவர் "பசியில்லை" என்று படுத்துவிடுகிறார்.

1 மணிக்கு பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. மின்விசிறி ஓடியும் வேர்க்கிறது. புழுக்கம் என்று மனைவி நினைத்துக்கொள்கிறார். 3 மணிக்கு ஏதோ குளறுகிறார். "குடிச்ச வாயி உளறுது" என்று அம்மாள் திரும்பிப் படுக்கிறார். 5 மணிக்கு குறட்டை விட்டபடி கிடக்கிறார், தட்டினால் எழவில்லை. 6 மணிக்கு கை கால் வெட்டி இழுக்கிறது. அப்போதுதான் வீடே அலறுகிறது.

குடோனில் சரக்கு தீர்ந்தால்...

இத்தனை நேரம் கழித்து வருவது ஏன்? கடைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்கு சர்க்கரை சப்ளை செய்வது கல்லீரல். அதற்கு இரண்டு வழி. ஒன்று, குடோனில் ஏற்கெனவே கட்டி வைத்த இருப்பு. இன்னொன்று, புதிதாகத் தயாரித்து அனுப்புவது. மது உள்ளே போனதும் கல்லீரல் அதை அழிக்கும் வேலையில் இறங்கிவிடுகிறது. புதுச் சரக்குத் தயாரிப்பு படுத்துவிடுகிறது. குடோன் இருப்பு உள்ளவரை ஒன்றும் தெரியாது. மத்தியானமே அரைச் சாப்பாடு சாப்பிட்டவருக்கு இருப்பு எத்தனை நேரம் தாங்கும்?

ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் அழிக்கும். கணக்குப் போட்டால், 8 மணிக்குக் குடித்தது அழிய விடியற்காலை 3, 4 மணி ஆகிவிடும். இருப்பு தீருவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். இந்தப் பக்கம் மாத்திரையோ இன்சுலினோ, வரவு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் ஒரு நாள் முழுக்க சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம். (மிதமிஞ்சிக் குடித்தால் அதற்கு வேறு ஆபத்து உண்டு.) ஆனால் இப்போது ஒரே மாத்திரையில் இரண்டு மருந்தும் கலந்தே வருகிறது. "நான் மெட்பார்மின்தான் சாப்பிடுறேன்" என்கிறவர் அட்டையில் கூட இருக்கும் இன்னொரு பெயரையும் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்சுலின் போடுகிறவர்கள் ஏமாறும் இடம் வேறு. பீரும் பரோட்டாவும் உள்ளே போனால் படுக்கும்போது மீட்டரில் சர்க்கரை 220 என்று காட்டலாம். "அய்யோ, ஏறிடுச்சே" என்று இன்னும் நாலு யூனிட் கூடுதலாகப் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். அந்த 220 ராத்திரிக் கணக்குதான். விடியற்காலை 4 மணிக்கு அது 40க்கு வந்து நிற்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் போதைக்கும் வாடை வரும், சர்க்கரை இறங்கியவரிடமும் வாடை வரும். பார்க்க வேண்டியது கடிகாரத்தை! போதை என்றால் குடியை நிறுத்திய பிறகு நேரம் போகப்போகத் தெளிய வேண்டும். 11 மணிக்கு நடந்து வந்து செருப்பைக் கழற்றியவர் 3 மணிக்கு அதைவிட மோசமாகக் கிடந்தால் அது வெறும் போதை என்று சொல்ல முடியாது. உடம்பு சில்லிட்டு வேர்த்துக் கொட்டினால் சந்தேகம் இன்னும் பலப்படும். வீட்டில் மீட்டர் இருந்தால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும். 70க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. 54க்குக் கீழே ஆபத்து.

விழித்திருந்து விழுங்க முடிகிறவருக்கு மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு இட்லியோ சாதமோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்வதுதான் வழி. மோர் கொடுப்பது, எலுமிச்சம்பழம் தேய்ப்பது, தலையில் குடம் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வீண் வேலை.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் பெரும்பாலும் சில நிமிஷத்தில் கண் விழித்துவிடுவார். சொந்தக்காரர்கள் உடனே "சார், சரியாயிட்டாரு, கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகப் பார்ப்பார்கள். இது இரண்டாவது தப்பு. ஏற்றிய குளுக்கோஸ் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், மாத்திரை தீராது. மத்தியானம் மறுபடியும் விழுவார். மாத்திரையால் இறங்கியவரை ஒரு நாளாவது அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். நெடுநேரம் கவனிக்காமல் கிடந்தவரோ, குளுக்கோஸ் ஏற்றினாலும் பழையபடி எழாமல் போகலாம். மூளை அத்தனை நேரம் பட்டினி கிடந்திருக்கிறதே!

போலீசும் டாக்டரும்

குடிக்காதே என்று உபதேசம் செய்ய இங்கே இடமில்லை. குடிக்கிறவர் குடிக்கத்தான் செய்கிறார், கடையை நடத்துவதும் அரசாங்கமே. கேள்வி வேறு. மூச்சை ஊதச் சொல்லி போதையை அளக்க போலீசிடம் கருவி இருக்கிறது. சர்க்கரையை அளக்கும் மீட்டரின் விலை சுமார் ஆயிரம் ரூபாய். அதில் ஒன்றை ரோந்து வண்டியிலும் ஸ்டேஷனிலும் வைத்தால் என்ன? பெஞ்சில் படுக்கப் போடும் ஆளின் விரலில் ஒரு குத்து குத்திப் பார்க்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.

டாக்டர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பக்கத்தில் மனைவியை நிற்க வைத்துக்கொண்டு "குடிப்பீங்களா?" என்று கேட்டால் எந்த மனுஷன் ஆமாம் என்பான்? அம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "குடிக்கிற அன்னிக்கு ராத்திரி மாத்திரையை என்ன பண்றீங்க?" என்று கேட்டால் பதில் வரும். அதைக் கேட்ட பிறகுதான் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதைச் சீட்டில் எழுத வேண்டும்.