ஒரு சட்டைக்கு நான்கு பெயர்கள்

பக்கத்து வீட்டு அக்கா, மகள் படிக்கும் பள்ளியின் ஆங்கிலச் சுற்றறிக்கையை அனுப்பி, "தம்பி, ஸ்வெட்டர் போட்டு அனுப்பலாமா கூடாதான்னு பாத்து சொல்லேன்" என்றார். நான்கே விதிகள். மூன்று முறை படித்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

முதல் விதி: 'அட்டயர்' சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டாவது: எழுத்தோ படமோ அச்சிட்ட 'கார்மெண்ட்' கூடாது. மூன்றாவது: சீருடை தவிர வேறு 'அப்பேரல்' கூடாது. நான்காவது: புதன்கிழமை 'ஸ்போர்ட்ஸ் வேர்'. மீறினால் வகுப்புக்கு வெளியே.

நான்கும் 'துணிமணி'தானே என்கிறீர்களா? இல்லை. அட்டயர் என்பது உடுத்தியிருக்கும் மொத்தக் கோலம். அதை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. கார்மெண்ட் எண்ணக்கூடிய ஒற்றை உருப்படி. அப்பேரல் வியாபாரச் சொல், திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிப் பலகைகளில் பார்க்கலாம். வேர் பெரும்பாலும் இன்னொரு சொல்லின் வாலாகத்தான் வரும்.

இப்போது சுற்றறிக்கையை ஓட்டிப் பார்ப்போம். நான்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், புதன்கிழமைக்காகப் பள்ளியே விற்கும் டீ-சர்ட்டில் பள்ளியின் பெயர் அச்சாகியிருக்கிறது. அது இரண்டாம் விதியை மீறுகிறது. நான்கும் வேறுவேறு என்றால் டீ-சர்ட் தப்பிக்கும். ஆனால் அப்பேரல் எது, அதில் ஸ்வெட்டர் சேருமா என்று எங்கேயும் சொல்லவில்லை. எப்படிப் படித்தாலும் ஓட்டை.

எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் நடை அசிங்கமாகிவிடும் என்று கட்டுரைப் பயிற்சியில் நமக்கெல்லாம் சொல்லித்தந்ததன் விளைவு இது. இந்தப் பழக்கத்துக்கு ஃபௌலர் சகோதரர்கள் 1906லேயே 'எலிகண்ட் வேரியேஷன்' என்று கிண்டலாகப் பெயர் வைத்துவிட்டார்கள். நம்மிடமும் நிகண்டுகள் உண்டு. ஒரு பொருளுக்குப் பல பெயர் தேடிய புலவனுக்கு எதுகையும் சீரும் தேவைப்பட்டன. சுற்றறிக்கைக்கு என்ன எதுகை வேண்டிக்கிடக்கு? சட்டம் எழுதுகிறவர்கள் நேரெதிராகச் செய்வார்கள்: ஒரு பொருளுக்கு ஒரே சொல், சொல் மாறினால் பொருளும் மாறியதாகக் கொள்ளப்படும். நிரல் எழுதும் நாங்களும் ஒரே மாறிக்கு நான்கு பெயர் வைப்பதில்லை.

சொல் குழம்பும் இடத்தில் தீர்ப்பு வாசலில் நிற்பவர் கைக்குப் போகிறது. திங்கட்கிழமை ஒருவர் ஸ்வெட்டரை விடுகிறார், செவ்வாய்க்கிழமை இன்னொருவர் கழற்றச் சொல்கிறார். ஆங்கிலம் தெரிந்த அப்பா போய் வாதாடுவார். அக்கா மாதிரியானவர்கள், தப்பு தங்கள் பேரில்தான் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையைக் குளிரில் அனுப்புவார்கள்.

மாற்று ரொம்ப எளிது. ஒரே சொல், 'உடை' போதும். அதன் கீழே பட்டியல்: சட்டை, பாவாடை, சாக்ஸ், ஷூ, ஸ்வெட்டர், ஒவ்வொன்றுக்கும் நிறம், போட வேண்டிய நாள். அச்சு விதியில் 'பள்ளியின் பெயர் தவிர' என்று மூன்று சொல். தமிழில் ஒரு பிரதி. நடை மொக்கையாகத்தான் இருக்கும். இருக்கட்டும், யாரும் அதை ரசிப்பதற்காகப் படிக்கவில்லை.