கல்சியம் எலும்புக்கா, இரத்தக் குழாய்க்கா? கே2 போத்தல் வாங்க முன்னர் இதை வாசியுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வார்ஃபரின் குளிசை பாவிக்கும் ஆள் இருந்தால் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் மாமிக்கு (மனைவியின் உம்மா) சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதாகி, ஒன்பது வருடத்துக்கு முன்னர் உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் வார்ஃபரின். கிளினிக்கில் ஐ.என்.ஆர். பார்ப்பார்கள், அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று. மாமிக்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். வழக்கமாக 2.8, 3 என்றுதான் கொப்பியில் எழுதியிருக்கும். போன முறை 1.6. டாக்டர் பயந்துவிட்டார். "புதுசா என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டதற்கு மாமி "ஒண்டும் இல்ல டொக்டர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. விட்டமினை மருந்தென்று யாரும் நினைப்பதில்லையே.

வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தால் ஒரு போத்தல். விட்டமின் கே2, எம்கே-7 வகை, ஒரு குளிசையில் 100 மைக்ரோகிராம். "கல்சியம் குளிசை இருதயக் குழாயை அடைக்கும், கே2 தான் அதை எலும்புக்கு அனுப்பும்" என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்து, முழங்கால் வலிக்கு நல்லதென்று வீட்டில் ஒருவர் அன்போடு வாங்கிக் கொடுத்தது. மூன்று கிழமையாக நடந்திருக்கிறது.

அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை. முழுப் பொய் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அதன் முதல் பாதி நல்ல விஞ்ஞானம். அதிலிருந்து போத்தலுக்குப் பாய்ந்த பாய்ச்சலில்தான் பிழை இருக்கிறது.

எலும்பைக் கட்டும் செல்கள் ஒஸ்டியோகல்சின் என்ற சிறிய புரதத்தைச் செய்கின்றன. 49 அமினோ அமிலம் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாலையில் உள்ள குளுட்டாமிக் அமில மணிகளில் மூன்று இங்கே முக்கியம். செய்து முடித்த உடனே அவற்றால் கல்சியத்தை இறுக்கமாகப் பிடிக்க முடியாது. ஒரு விரலால் போளையைத் தூக்கிப் பாருங்கள், உருண்டு போகும். இரண்டு விரல் வேண்டும். விட்டமின் கே செய்வது அந்த இரண்டாவது விரலை முளைக்க வைப்பதுதான். ஒரு நொதியம் அந்த மணியில் ஒரு காபனீரொட்சைட்டைக் கொண்டுபோய் ஒட்டுகிறது, அந்த நொதியத்துக்கு விட்டமின் கே இல்லாமல் வேலை செய்ய முடியாது. ஒட்டிய பிறகு புரதம் கல்சியத்தைக் கவ்வி எலும்பின் கனியுப்போடு சேர்ந்துகொள்ளும். ஒட்டாவிட்டால் பிடியில்லாமல் இரத்தத்தில் சுற்றித் திரியும்.

இரத்தக் குழாயில் வேலை செய்வது ஒஸ்டியோகல்சின் அல்ல. இந்த இரண்டையும் வட்ஸ்அப் செய்தி ஒன்றாகக் குழப்பிவிட்டது. குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் மட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம் என்ற வேறொன்றைச் செய்கின்றன. அதுவும் அதே விரல் கதைதான், ஐந்து இடங்களில் ஒட்டவேண்டும். அது கல்சியத்தை எங்கேயும் ஏற்றிப் போவதில்லை. நின்ற இடத்திலேயே நின்று, சுவரில் உப்பு படிய விடாமல் தடுக்கிறது. ஆகவே "குழாயில் இருந்து எடுத்து எலும்பில் போடும்" என்பது சரியில்லை. எலும்பில் ஒரு புரதம், குழாயில் ஒரு காவல்காரன், இரண்டுக்கும் விட்டமின் கே தேவை. இரத்தத்தில் எவ்வளவு கல்சியம் ஓடவேண்டும் என்று தீர்மானிப்பது விட்டமின் டியும் பராதைரொயிட் ஓமோனும். கே அதில் தலையிடுவதில்லை.

அந்தக் காவல்காரன் எவ்வளவு முக்கியம் என்பது 1997இல் எலிகளில் தெரிந்தது. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் இரண்டு மாதத்துக்குள் செத்துப்போயின. பெருநாடி எலும்பு போல் இறுகி வெடித்துவிட்டது. ஆனால் அதற்கு முந்திய வருடம் ஒஸ்டியோகல்சினை நீக்கிய எலிகளுக்கு எலும்பு கரையும் என்று எதிர்பார்த்திருந்தார்கள், கரையவில்லை. எலும்பு கூடத்தான் செய்தது. 2020இல் வந்த ஆய்வு கொஞ்சம் விளக்கியது: ஒஸ்டியோகல்சின் எலும்பின் அளவைக் கூட்டுவதில்லை, கனியுப்புப் பளிங்குகளை நார்களோடு ஒரே வரிசையில் அடுக்க உதவுகிறது. செங்கல்லின் எண்ணிக்கை அல்ல, அடுக்கு. கே2 குடித்தால் எலும்பு கனக்கும் என்று சொல்பவர்கள் இந்த எலியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அப்படியென்றால் கே1 இருக்க ஏன் கே2 என்று கேட்பீர்கள். கே1 கீரையில் இருப்பது. வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றிலும் தாராளம். அதில் பெரும்பகுதியை ஈரல் முதலில் எடுத்துக்கொள்ளும், இரத்தம் உறையும் புரதங்களுக்காக. அது அவசரத் தேவை என்பதால் நியாயம்தான். கே2வின் எம்கே-7 வகைக்கு வால் நீளம். கொழுப்புத் துணிக்கைகளோடு சேர்ந்து இரத்தத்தில் நாட்கணக்கில் நிற்கும். கே1 சில மணித்தியாலத்தில் குறைந்துவிடும். அதனால் எலும்புக்கும் குழாய்க்கும் போய்ச் சேர எம்கே-7க்கு வாய்ப்பு அதிகம். ஜப்பானில் நட்டோ என்ற புளிக்கவைத்த சோயாவில் இது ஏராளம், 100 கிராமில் ஏறத்தாழ 1000 மைக்ரோகிராம். மணிப்பூரில் ஹவாய்ஜார் என்று அதே வகை பக்டீரியாவில் புளிக்கும் சோயா உண்டு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. முட்டை மஞ்சட்கரு, கோழி, ஈரல், தயிர் என்று கொஞ்சம் கொஞ்சம் வரும்.

இதுவரை எல்லாம் சரி. இனி மனிதனில் சோதித்துப் பார்த்ததற்கு வருவோம்.

நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 4807 பேரின் சாப்பாட்டை எழுதிவைத்துப் பல வருடம் தொடர்ந்தார்கள். 2004இல் வெளியானது. கே2 அதிகம் சாப்பிட்டவர்களில் இருதய நோயால் இறந்தவர்கள் பாதிக்கும் குறைவு. கே1இல் அந்த வித்தியாசம் தெரியவில்லை. போத்தல் விற்பவர்கள் எல்லோரும் காட்டுவது இதைத்தான். ஆனால் அங்கே கே2 பெரும்பாலும் சீஸிலிருந்து வந்தது. சீஸ் சாப்பிடும் மனிதரின் மற்றப் பழக்கங்களும் வேறாக இருக்கலாம் அல்லவா?

அதைத் தீர்க்க வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கி ஒரு பகுதிக்கு கே2, மறு பகுதிக்கு வெறும் குளிசை கொடுத்துப் பார்க்கவேண்டும். டென்மார்க்கில் பெருநாடி வால்வில் கல்சியம் படிந்திருந்த 365 ஆண்களுக்கு அப்படிச் செய்தார்கள். நாளுக்கு 720 மைக்ரோகிராம் எம்கே-7, கூடவே விட்டமின் டி, இரண்டு வருடம். முடிவு 2022இல் வந்தது. விரல் முளைக்காத காவல்காரப் புரதம் இரத்தத்தில் குறைந்தது, அதாவது விட்டமின் தன் வேலையைச் செய்தது. ஆனால் வால்வில் கல்சியம் கூடுவது நிற்கவில்லை. கே2 எடுத்தவர்களுக்கு 275 அலகு கூடியது, எடுக்காதவர்களுக்கு 292. வித்தியாசம் இல்லை என்றே கொள்ளவேண்டும். முன்பே இருதயக் குழாயில் அதிகம் படிந்திருந்த ஒரு சிறு பிரிவில் மட்டும் கொஞ்சம் நன்மை போலத் தெரிந்தது. அதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்லமுடியும். எலும்பிலும் இதே இழுபறி. நெதர்லாந்தில் 244 பெண்களுக்கு மூன்று வருடம் 180 மைக்ரோகிராம் கொடுத்ததில் எலும்புத் தேய்வு கொஞ்சம் மெதுவானது. டென்மார்க்கில் அதைவிடக் கூடக் கொடுத்தும் எலும்பின் அடர்த்தியில் ஒன்றும் மாறவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: புரதத்துக்கு விரல் முளைப்பது நிச்சயம், அதனால் குழாய் சுத்தமாகும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கூலிக் காசில் மாதாமாதம் போத்தல் வாங்கும் அளவுக்கு அது போதாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். வல்லாரை மல்லுங்கில் தேங்காய் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், கே கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். கே1இல் ஒரு பகுதியை உடம்பே கே2வின் எம்கே-4 வகையாக மாற்றிக்கொள்கிறது. (குளிசையின் உறை எந்த ஜெலட்டின் என்று போத்தலில் தேடினேன், எழுதியில்லை. அதுவும் ஒரு காரணம்.)

ஆனால் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது காசுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. விட்டமின் கே ஒருமுறை வேலை செய்ததும் பழுதடைந்த வடிவுக்குப் போகும், உடம்பு அதைத் திருத்தித் திரும்பப் பாவிக்கும். வார்ஃபரின் அந்தத் திருத்தும் இடத்தை மூடிவிடுகிறது. அதனால்தான் உறையும் புரதங்கள் குறைகின்றன, வால்வில் கட்டி பிடிக்காது. வெளியிலிருந்து புதிய விட்டமின் கே கொட்டினால் திருத்தத் தேவையே இல்லாமல் போய் மருந்து தோற்றுவிடும். எம்கே-7 நாட்கணக்கில் நிற்பதால் சின்ன அளவே ஐ.என்.ஆரை இழுத்து இறக்கும். அதை எலும்புக்கு நல்லதாக்கும் அதே குணம்தான் இங்கே ஆபத்து.

வாசித்துக்கொண்டே வந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வார்ஃபரின் கேயைத் தடுத்தால் குழாயின் காவல்காரனும் பாதிக்கப்படுவானே? உண்மைதான். வார்ஃபரின் கொடுத்த எலிகளின் இரத்தக் குழாய்கள் சில கிழமையில் இறுகியதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதரிலும் நீண்ட காலம் எடுப்பவர்களுக்குப் படிவு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அதற்காகக் குளிசையை நிறுத்தக்கூடாது. படிவு வருடக்கணக்கில் நடப்பது, உலோக வால்வில் கட்டி பிடித்தால் நாட்கணக்கு. புதிய மருந்துகளில் ஒன்றான டபிகட்ரானை உலோக வால்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, கட்டியும் இரத்தப்போக்கும் கூடியதால் இடையிலேயே நிறுத்தினார்கள், 2013இல் வெளியானது. ஆகவே மாமிக்கு வார்ஃபரின் தான்.

கீரையையும் முற்றாக விடத் தேவையில்லை. டாக்டர் சொன்னது, கிழமைக்குக் கிழமை ஒரே அளவாக இருந்தால் மருந்தை அதற்கேற்ப வைக்கலாம் என்று. ஒரு கிழமை நாள்தோறும் மல்லுங், மறு கிழமை ஒன்றுமில்லை என்றால்தான் ஐ.என்.ஆர். ஆடும். நோன்பு மாதத்தில் எங்கள் சாப்பாடே தலைகீழாவதால் அந்த மாதம் ஒருமுறை கூடுதலாக இரத்தம் பார்க்கக் கேளுங்கள்.

மாமிக்கு குளிசையை நிறுத்தி, ஐ.என்.ஆர். ஏறும்வரை வயிற்றில் ஊசி போட்டார்கள். அது ஏற இரண்டு கிழமைக்குக் கிட்ட எடுத்தது, இப்போது 2.7. கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் நான் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: "விட்டமின் குளிசையும் மருந்துதான், டொக்டரிடம் காட்டவும்." உங்கள் வீட்டில் கல்சியம் போத்தல் இருந்தாலும் பின்பக்கம் பாருங்கள். சிலவற்றில் டி3யோடு கே2வும் சேர்த்திருப்பார்கள், முன்பக்கம் கல்சியம் என்று மட்டும் பெரிதாகப் போட்டிருக்கும்.