நெக்டர் எண்டால் பூந்தேன் இல்லை

ஜூஸ் பெட்டியைப் பற்றிக் கதை வந்தால் எங்கட செட்டுக்குள்ளே இரண்டு கட்சி. ஒரு கட்சி, "ஃப்ரொம் கொன்சன்ட்ரேட் எண்டு போட்டிருந்தா அது கள்ளச் சாமான், தூளில கரைச்சது" எண்டு சொல்லும். மற்றக் கட்சிக்கு, பெட்டியிலே மாம்பழப் படம் இருந்தால் போதும், உள்ளே இருக்கிறது மாம்பழச் சாறுதான். இரண்டு பேரும் பிழையான இடத்தில் நின்றுதான் சண்டை பிடிக்கிறார்கள் என்பது எங்கள் கருத்து. கொன்சன்ட்ரேட் என்ற சொல்லுக்குப் பயப்படுகிற அளவுக்கு நாங்கள் நெக்டர் என்ற சொல்லைக் கவனிப்பதில்லை. ஆனால் காசும் சீனியும் போகிற வழி அந்தச் சொல்லுக்குள்ளேதான் இருக்கிறது.

முதலில் கொன்சன்ட்ரேட்டைப் பார்ப்போம். ஈச்சிலம்பற்றில் இதை விளங்கப்படுத்த ஆய்வுகூடம் தேவையில்லை, பால்மா பக்கெட் போதும். பாலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரைக் கப்பலில் ஏற்றி நாடு விட்டு நாடு கொண்டுவந்தால் செலவு, பழுதாகும் பயம் வேற. அதனால் தண்ணீரை எடுத்துவிட்டு மாவாக அனுப்புகிறார்கள். நாங்கள் வீட்டில் சுடுதண்ணி விட்டுத் திரும்பப் பால் ஆக்குகிறோம். ரீகொன்ஸ்டிடியூட்டட் என்ற பெரிய சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: எடுத்த தண்ணீரைத் திருப்பிச் சேர்த்தது. பெட்டியில் "ஃப்ரொம் கொன்சன்ட்ரேட்" என்று இருந்தாலும் "ரீகொன்ஸ்டிடியூட்டட்" என்று இருந்தாலும் ஒரே விசயம்தான்.

தோடம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கோ. சாற்றின் செறிவை அளக்கிற அலகுக்குப் பெயர் பிரிக்ஸ். 100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் கரைந்த பொருள் இருக்கிறது என்று அது சொல்லும். அந்தக் கரைந்த பொருளில் பெரும்பகுதி பழத்தின் சொந்தச் சீனி. தோடம்பழச் சாறு கிட்டத்தட்ட 11 பிரிக்ஸ். தொழிற்சாலையில் காற்றழுத்தத்தைக் குறைத்த கலத்துக்குள் அதைச் சூடாக்குவார்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும், சாறு கருகாது. அப்படி வற்றவைத்து 66 பிரிக்ஸ் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அது பாகு மாதிரி இருக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கோ. அந்தப் பாகு ஒரு கிலோவில் கரைந்த பொருள் 660 கிராம். உணவுத் தரங்களுக்கான சர்வதேச அமைப்பான கோடெக்ஸ், 2005இல் பழச்சாறுக்கும் நெக்டருக்கும் ஒரு தரநிலை கொண்டுவந்தது. அதன்படி மீளச் சேர்த்த தோடம்பழச் சாறு 11.2 பிரிக்சுக்குக் குறையக் கூடாது. அப்படியென்றால் அந்த ஒரு கிலோ பாகில் இருந்து ஏறக்குறைய 5.9 கிலோ சாறு செய்யலாம், அதற்கு மேலே ஏலாது. கூடத் தண்ணீர் விட்டால் பிரிக்ஸ் விழும், அளவுகருவி காட்டிக் கொடுக்கும். ஆக, ஒழுங்காகச் செய்த ரீகொன்ஸ்டிடியூட்டட் சாறு தண்ணி கலந்த சாறு இல்லை. போன தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் இழப்பு இல்லையா? இருக்கிறது. வற்றவைக்கும்போது முதலில் ஓடுவது வாசம். அதைத் தனியாகப் பிடித்து வைத்துப் பிறகு திருப்பிச் சேர்ப்பார்கள், என்றாலும் மரத்தடியில் பிழிந்த வாசம் வராது. ஆனால் "நொட் ஃப்ரொம் கொன்சன்ட்ரேட்" என்று கூட விலைக்கு விற்கிற பெட்டியும் மரத்தடியில் இருந்து நேரே வருவதில்லை. அதையும் பாஸ்சராக்கம் செய்து கிருமி கொல்லுவார்கள். காற்றை உறிஞ்சி எடுப்பார்கள், அப்போதும் வாசம் போகும். பழக்காலம் ஒரு முறை, விற்பனை வருசம் முழுக்க. அதனால் பெரிய தாங்கிகளில் மாதக்கணக்கில் வைத்திருந்து, அந்தப் பழத்தின் வாசத்தைத் திருப்பிச் சேர்த்துப் பெட்டியில் அடைக்கிறதும் நடக்கிறது. ருசியில் வித்தியாசம் தெரியலாம். சீனியில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே முழுச் சாறு.

இனி நெக்டர். அந்தச் சொல்லுக்கு அகராதியில் பூந்தேன் என்று இருக்கும். கிரேக்கக் கதையில் தேவர்கள் குடித்த பானத்துக்கும் அதுதான் பெயர். காதுக்குச் சாறை விட உயர்ந்த சாமான் மாதிரிக் கேட்கும். பெட்டியில் அதன் அர்த்தம் நேர்மாறு: பழச்சாறு அல்லது பழக்கூழ், அதோடு தண்ணீர், பெரும்பாலும் சீனி அல்லது வேறு இனிப்பு. பால்மாக் கதையில் சொன்னால், ஒரு கிளாஸ் பாலுக்குப் போட வேண்டிய மாவை நாலு கிளாசுக்குப் போட்டு, மிச்சத்தைச் சீனியால் சரிக்கட்டுவது.

எவ்வளவு பழம் இருக்க வேண்டும்? கோடெக்ஸ் பழத்துக்குப் பழம் ஓர் ஆகக் குறைந்த அளவு வைத்திருக்கிறது. தோடம்பழ நெக்டருக்கு 50 வீதம். அன்னாசிக்கு 40. மாம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் 25 வீதம் போதும்.

மாம்பழத்துக்கு ஏன் கால்பங்கு? இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மாம்பழத்தைப் பிழிந்தால் சாறு ஓடாது, கூழ்தான் வரும். விளாம்பழமும் அப்படித்தான். தண்ணீரும் சீனியும் விட்டுக் கரைக்காமல் எங்கட வீட்டிலும் யாரும் விளாம்பழம் குடிப்பதில்லை. அதனால் நெக்டர் என்ற வகையே ஏமாற்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எவ்வளவு கரைத்தது என்பது தெரியாமல் போவதுதான் பிரச்சினை.

200 கிராம் மாம்பழ நெக்டர் ஒன்றை எடுப்போம். ஆகக் குறைந்த 25 வீதம் என்றால் உள்ளே 50 கிராம் கூழ். மாம்பழக்கூழ் 13.5 பிரிக்ஸ் என்று வைத்தால், பழம் கொண்டுவந்த இனிப்பு 7 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் குடிக்கும்போது பழம் மாதிரி இனிக்க வேண்டுமே. மொத்தத்தை 14 பிரிக்சுக்குக் கொண்டுவர 28 கிராம் தேவை. மிச்சம் 21 கிராம் மூட்டையில் இருந்து வந்த சீனி. அதாவது தேக்கரண்டிக் கணக்கில் ஐந்து. நாக்குக்குத் தெரிகிற இனிப்பில் நாலில் மூன்று பங்கு மாமரத்தைக் கண்டதே இல்லை.

விலையையும் இப்படியே பார்க்கலாம். ஒரு லீற்றர் மாம்பழ நெக்டர் 600 ரூபா, பழம் 25 வீதம் என்று வையுங்கோ. பழக்கூழுக்கு மட்டும் கணக்குப் போட்டால் லீற்றர் 2400 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறோம். மாம்பழக் காலத்தில் வீதியோரத்தில் குவித்து வைத்து விற்கிற ஊரில் இந்தக் கணக்கு உறைக்க வேண்டும்.

இதை நாங்கள் வெறும் கடைக் கணக்காகப் பார்க்கவில்லை. எங்கட பக்கத்தில் வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு ஜூஸ் பெட்டி இருக்கும். வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை. சீனி வருத்தக்காரருக்குச் சோடா கொண்டுபோக யாருக்கும் மனம் வராது. நெக்டர் கொண்டுபோக யோசிக்க மாட்டோம், ஏனென்றால் அது "பழம்". உண்மையில் 100 வீதச் சாறும் அவருக்கு அளவோடு குடிக்க வேண்டியதுதான். தோடம்பழச் சாற்றில் பழத்தின் சொந்தச் சீனியே 100 மில்லிலீற்றருக்கு எட்டு முதல் பத்துக் கிராம் வரை இருக்கும். "சீனி சேர்க்கப்படவில்லை" என்றால் சீனி இல்லை என்று அர்த்தம் இல்லை.

நிறக்குறி இருக்கிறதே என்று கேட்கலாம். இலங்கையில் 2016இல் இருந்து பானங்களுக்குச் சீனி நிறக்குறி வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலே சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைய பச்சை. நல்ல வேலை. ஆனால் சீனி எவ்வளவு என்றுதான் நிறம் சொல்லும், அது பழத்தில் இருந்து வந்ததா மூட்டையில் இருந்து வந்ததா என்று சொல்லாது. அதற்குப் பெட்டியைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

திருப்பினால் எதைப் பார்ப்பது? சேர்மானப் பட்டியல் கூட உள்ளது முதலில், குறைந்தது கடைசியில் என்ற ஒழுங்கில் இருக்கும். இங்கே ஒரு பொறி. "தண்ணீர்" முதலில் இருந்தால் உடனே நெக்டர் என்று முடிவு கட்டக் கூடாது. ரீகொன்ஸ்டிடியூட்டட் சாற்றிலும் "தண்ணீர், தோடம்பழக் கொன்சன்ட்ரேட்" என்று வரலாம். பட்டியலில் சீனி இருக்கிறதா, பழவீதம் எவ்வளவு என்ற இரண்டையும் தேடுங்கோ. சீனி இல்லை, 100 வீதம் என்றால் முழுச் சாறு. சீனி இருக்கு, 25 என்றால் நெக்டர். "ட்ரிங்க்", "பானம்" என்று மட்டும் போட்டிருந்தால் இன்னும் கவனம். மேலே சொன்ன கோடெக்ஸ் தரநிலை சாறையும் நெக்டரையும் மட்டும்தான் பேசுகிறது, அந்த 25 வீதக் காவல் பானத்துக்கு இல்லை.

ஆனால் வாங்குகிறவரே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிப்பது நியாயம் இல்லை. அதே தரநிலை, நெக்டர் பெட்டியில் பழவீதம் பெயருக்குப் பக்கத்திலேயே, பெயரின் எழுத்து உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. கோடெக்ஸ் சட்டம் இல்லை, நாடுகள் தங்கட சட்டத்துக்குள் எடுத்துக்கொள்ள வைத்திருக்கிற அளவுகோல். அந்த அளவுகோலை ஒரு படி கூட்டிக் கேட்கிறோம்: முன்பக்கத்தில், மாம்பழப் படத்துக்குக் கீழே, தமிழிலும் சிங்களத்திலும் "பழம் 25%, தண்ணீரும் சீனியும் சேர்த்தது" என்று எழுதட்டும். நெக்டர் என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் தமிழ்ப்படுத்தியது ஆகாது. எங்கட அம்மம்மாவுக்கு அந்தச் சொல் எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை. 25 என்ற எண் சொல்லும்.

தொழிற்சாலைக்கு இதனால் நட்டம் வரும் என்றால், அந்த நட்டம் இவ்வளவு நாளும் யாருடைய பையில் இருந்து லாபமாகப் போனது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.