சராசரி 16 நிமிடம். நாலில் ஒருவருக்கு 36

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அழைத்தவரிடம் வண்டி எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு நகரத்தில் 20 நிமிடம், கிராமப்புறத்தில் 30 நிமிடம். இந்த வரம்பு எட்டப்படுகிறதா என்று கேட்டால் பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு சராசரி. எங்கே வண்டி நிறுத்துவது என்று கேட்டால் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, இத்தனை கிலோமீட்டருக்குள் ஒரு வண்டி இருக்கிறது என்று காட்டுகிறார்கள். எல்லையோரத்துச் சிற்றூர்களை இந்தச் சராசரியும் ஏமாற்றுகிறது, வட்டமும் ஏமாற்றுகிறது. வண்டி நிறுத்துமிடத்தைக் கிலோமீட்டர் கொண்டல்ல, கணக்கிட்டுச் சரிபார்த்த நிமிடங்களைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். எட்டிய நேரத்தையும் பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எவ்வளவு ஆனது என்ற வடிவில் ஊர்வாரியாக வெளியிட வேண்டும். இதுவே நமது நிலைப்பாடு. பொதட்டூர்பேட்டையை வைத்துக் கணக்குப் போட்டால் காரணம் விளங்கும்.

பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் இது. பெரிய சிகிச்சைக்கு மக்கள் நம்பிப் போவது திருத்தணியை. சாலைவழித் தூரம் சுமார் 20 கிலோமீட்டர் என்று கொள்வோம். மேசையில் உட்கார்ந்து கணக்கிடுகிறவர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், ஆகவே 20 நிமிடம் என்று எழுதி முடித்துவிடுவார். அதே பயணத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்போம். அழைப்பை எடுத்து, எந்த ஊர், எந்தத் தெரு, அருகில் என்ன அடையாளம் என்று கேட்டு வண்டிக்குச் சொல்ல 2 நிமிடம். ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் ஏறிப் புறப்பட 1 நிமிடம். திருத்தணி ஊருக்குள் 2 கிலோமீட்டரை 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 4 நிமிடம். அதில் 5 சந்திப்புகள், ஒவ்வொன்றிலும் சராசரியாக 20 வினாடி போனால் மேலும் 1.7 நிமிடம். ஊரைத் தாண்டிய 16 கிலோமீட்டரில் 50 கிலோமீட்டர் வேகம் நிலையாகக் கிடைத்தால் 19 நிமிடத்துக்குச் சற்று மேல். வழியில் வேகத்தடைகள் 12 என்றால் 1.2 நிமிடம். பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் கடைசி 2 கிலோமீட்டரை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 6 நிமிடம். வண்டி நுழையாத சந்தில் இறங்கி நடக்க 1 நிமிடம். கூட்டினால் 36. மேசைக் கணக்கில் நகர வரம்புக்குள்ளேயே அடங்கிய பயணம், சாலைக் கணக்கில் கிராமப்புற வரம்பையும் தாண்டி 6 நிமிடம் போய்விட்டது. வேகம், சந்திப்பு எண்ணிக்கை, வேகத்தடை எல்லாம் நாம் எடுத்துக்கொண்ட ஊகங்களே. வண்டியோடு யாரேனும் ஒருவர் கடிகாரத்துடன் போனால் சில நாள்களில் இவற்றைத் திருத்திவிடலாம். திருத்த வேண்டியது எண்களைத்தான். பிரித்துக் கூட்டும் முறை அப்படியே நிற்கும்.

வேகத்தடைக்கு 6 வினாடி வைத்தது குத்துமதிப்பு அல்ல. 50 கிலோமீட்டரில் வரும் வண்டி 10 கிலோமீட்டருக்குக் குறைத்து, ஏறி இறங்கி, மறுபடியும் 50-ஐப் பிடிக்க வேண்டும். ஆள்களும் கருவிகளும் ஏற்றிய வேன் வேகமெடுப்பதில் மந்தமானது. பிரேக் பிடிப்பதிலும் வேகமெடுப்பதிலும் இழந்ததைக் கணக்கிட்டால் ஒரு தடைக்கு ஏறத்தாழ 6 வினாடி வருகிறது. அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சந்திப்பில் முழுவதுமாக நின்று, ஒரு நொடிகூடக் காத்திராமல் உடனே புறப்பட்டாலும் 9 வினாடி போகும். சைரன் இருப்பதால் சந்திப்பில் தாமதமே இராது என்று நினைப்பவர்கள் மறப்பது இதைத்தான். சிக்னல் உள்ள பெரிய நகரங்களில் இன்னொரு கணக்கும் சேரும். 120 வினாடிச் சுற்றில் 80 வினாடி சிவப்பு என்றால், மூன்றில் இரண்டு தடவை சிவப்பில் மாட்ட நேரிடும். மாட்டினால் சராசரிக் காத்திருப்பு 40 வினாடி. ஆக ஒரு சிக்னலுக்குச் சுமார் 27 வினாடி. ஆம்புலன்சுக்குச் சிவப்பு விளக்கு தடையல்ல என்பது உண்மை. ஆனால் அதன் முன்னால் நிற்கும் பேருந்துக்கும் லாரிக்கும் ஒதுங்க இடமில்லாவிட்டால் அவற்றின் காத்திருப்பே இதன் காத்திருப்பு. வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒதுங்க மனமில்லாதவருக்கு அது சரி. ஒதுங்க இடமே இல்லாதவரை எந்தச் சட்டம் என்ன செய்யும்?

இந்த வகைக் கணக்கு புதிதல்ல. 1970-களில் நியூயார்க் தீயணைப்பு வண்டிகளின் பயணங்களை ஆராய்ந்த கோல்சார், வாக்கர், ஹவுஸ்னர் ஆகியோர், குறுகிய தூரத்தில் வண்டி தன் முழு வேகத்தையே எட்டுவதில்லை என்றும், அதனால் நேரம் தூரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்றும், தூரம் நீண்ட பிறகுதான் நேர்விகிதமாகிறது என்றும் காட்டினர். அமெரிக்காவில் இன்றும் புழங்கும் ரேண்ட் சூத்திரம் T = 0.65 + 1.7D, தூரம் மைலில், நேரம் நிமிடத்தில். நமது 20 கிலோமீட்டரை அதில் போட்டால் ஏறத்தாழ 22 நிமிடம் வரும். நாம் கூட்டியதில் பயண நேரம் மட்டுமே 32. இந்த 10 நிமிட வேறுபாட்டுக்குச் சூத்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் சராசரி வேகம் கிடைக்கும் சாலைகளுக்குச் செய்யப்பட்ட மாறிலிகள் அவை. கடன் வாங்க வேண்டியது முறையை. மாறிலிகளை நம் சாலையில்தான் அளந்தாக வேண்டும்.

அப்படியானால் ஊரிலேயே ஒரு வண்டியை நிறுத்திவிட்டால் தீர்ந்ததா? கணக்கு சுவையாவது இங்கேதான். ஊருக்குள் நிற்கும் வண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடினால் போதும். அழைப்பு முதல் நோயாளி வரை எட்டரை நிமிடம். ஆனால் அந்த வண்டி நோயாளியை ஏற்றிக்கொண்டு திருத்தணிக்குப் போக வேண்டும். ஏற்ற 10 நிமிடம், போக 30, ஒப்படைக்க 15, திரும்ப 32. முதல் எட்டரை நிமிடத்தையும் சேர்த்தால், ஒவ்வோர் அழைப்பும் வண்டியை ஏறத்தாழ 95 நிமிடம் அடுத்தவருக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது. நாளுக்கு 4 அழைப்பு என்று வைத்தால் 380 நிமிடம், அதாவது ஒரு நாளில் கால்வாசிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் அழைப்பவருக்குத் திருத்தணி வண்டிதான் வர வேண்டும், 36 நிமிடத்தில். அழைப்புகள் நாள் முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. மாலையும் முன்னிரவும் குவிகிற இயல்பு உள்ளதால், உண்மையில் நிலைமை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும். இப்போது சராசரி எடுங்கள். முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு எட்டரை, கால்வாசிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு 36; விடை சுமார் 16. நகரத்துக்கான 20 நிமிட வரம்பைக்கூட வென்றுவிட்டதாக அறிக்கை எழுதலாம். நாலில் ஒருவர் 36 நிமிடம் காத்திருந்தது அந்த அறிக்கையில் எங்கும் தெரியாது. பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் மட்டும் அந்த 36 வெளியே வரும். இங்கிலாந்தில் உயிருக்கு ஆபத்தான அழைப்புகளுக்குச் சராசரி 7 நிமிடம் என்பதோடு, பத்தில் ஒன்பதுக்கு 15 நிமிடம் என்று இன்னோர் அளவையும் சேர்த்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

தீர்வுக்குப் புது வண்டிதான் வேண்டும் என்பதில்லை. பொதட்டூர்பேட்டை வண்டி நோயாளியுடன் புறப்பட்ட உடனே திருத்தணி வண்டிகளில் ஒன்றைப் பாதி வழிக்கு நகர்த்தி நிறுத்தினால், அடுத்த அழைப்புக்கு 36 நிமிடம் 20 ஆகிறது. சராசரியில் இதனால் குறைவது 4 நிமிடம்தான். அந்தக் கால்வாசிப் பேருக்குக் குறைவது 16 நிமிடம். அப்போது திருத்தணி காலியாகிவிடாதா என்ற எதிர்வாதம் நியாயமானது. அங்கே ஒரே வண்டி இருக்கும் வேளையில் அதை நகர்த்தக் கூடாது. பாதி வழியிலிருந்து திருத்தணிக்குத் திரும்பிச் சேரவும் ஏறக்குறைய அதே 20 நிமிடம் ஆகும், அங்கே அழைப்புகளும் அதிகம். ஆடிக் கிருத்திகை நாள்களில் மலையடிவாரச் சாலைகள் நிரம்பும்போது அங்கிருந்து வண்டி வெளியேறுவதே பாடு. அந்த நாள்களில் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து வண்டிகளைக் கொண்டே இந்த ஊரைக் காக்கும்படி முன்கூட்டித் திட்டமிட வேண்டும். எந்த வண்டியை எப்போது நகர்த்துவது என்பதைக் கட்டுப்பாட்டு அறை நிமிடக் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியும். வட்டங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வண்டிகளில் ஜிபிஎஸ் இருக்கும்போது இந்தக் கூட்டல் கழித்தல் எதற்கு என்பார்கள். ஜிபிஎஸ், போன வண்டி எப்படிப் போனது என்று சொல்லும். இன்னும் வண்டி நிறுத்தாத இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அதுவாகச் சொல்லாது. அதன் பதிவுகள் கணக்கைச் சரிபார்க்கத்தான். வேகமாக ஓட்டினால் போயிற்று என்பது இன்னொரு வாதம். திறந்த சாலையில் 50-ஐ 60 ஆக்கினால் கிடைப்பது 3 நிமிடம் சொச்சம், அதுவும் விபத்து அபாயத்தோடு. தெருப் பெயரும் கதவு எண்ணும் உடனே விளங்கும்படி இருந்தால் அழைப்பிலும் கடைசித் தேடலிலும் ஏறக்குறைய அதே அளவு நேரம், அபாயமில்லாமல் மிச்சமாகும். எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கைபேசி ஆந்திரப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துவிட்டால் 108 அழைப்பு அங்குள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும். அங்கிருந்து இங்கே மாற்றி விடுவதற்குள் 2 நிமிடம் 4 ஆகிவிடும். இரு மாநிலக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுத்துவது பெரிய செலவில்லை. எல்லைக்கு அப்பால் நகரியில் நிற்கும் வண்டி அருகில் என்றால் அதையே அனுப்ப ஒப்பந்தமும் வேண்டும்.

தூரம் என்பதும் நிலையானதல்ல. ஆந்திரத்தின் அம்மப்பள்ளி அணை திறக்கப்பட்டு கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும்போது பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும். பக்கத்து வண்டி சுற்று வழியில்தான் வர முடியும். மழைக்காலத்துக்கென்று தனி நிமிட வரைபடம் ஒன்று கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். சுகாதாரத் துறையிடம் நாம் கேட்பது அதிகமில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் ஒவ்வொரு பேரூராட்சிக்கும், அழைப்பு மணி அடித்த நொடியிலிருந்து எண்ணி, வண்டி ஊரில் இருந்தபோது எவ்வளவு, இல்லாதபோது எவ்வளவு, பத்தில் ஒன்பதுக்கு எவ்வளவு என்ற மூன்று எண்களை மாதந்தோறும் வெளியிடட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முதல் பட்டியல் வந்தாக வேண்டும்.