“சாப்பாடு பிரமாதம்” என்றவர் அடுத்த மாதம் ஏன் வரவில்லை?

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் இருக்கிறது கிணத்துக்கடவு. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கியிருப்போர் பலர். மாதச் சந்தா கட்டிக் கேரியரில் சாப்பாடு வரவழைப்பது இவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வியாபாரம் நன்றாக நடக்கிறதா, உள்ளுக்குள் நோய்ப்பட்டிருக்கிறதா என்று முதலாளி எப்படி அறிவது? கல்லாப் பெட்டி அதைச் சொல்லிவிடாது.

இதற்கு இரண்டு கணக்குகள் வழக்கில் உள்ளன. ஒன்று, அமெரிக்கரான பிரெட் ரைக்கெல்ட் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நெட் புரொமோட்டர் ஸ்கோர்’. “எங்கள் சாப்பாட்டை நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா? பூஜ்யம் முதல் 10 வரை மார்க் போடுங்கள்” என்பதே கேள்வி. 9, 10 போட்டவர்கள் சிபாரிசுக்காரர்கள். 7, 8 போட்டவர்கள் கணக்கில் சேருவதில்லை. 6-ம் அதற்குக் கீழும் போட்டவர்கள் அதிருப்திக்காரர்கள். முதல் வகையின் சதவீதத்திலிருந்து கடைசி வகையின் சதவீதத்தைக் கழித்தால் வருவதே மதிப்பெண். மற்றொன்று, சந்தா முடிந்ததும் நூற்றுக்கு எத்தனை பேர் மறுபடி கட்டுகிறார்கள் என்ற கணக்கு.

உதாரணத்துக்கு, கிணத்துக்கடவில் 200 சந்தாதாரர் கொண்ட ஒரு சாப்பாட்டு நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் 100 பேரைக் கேட்டதில் 52 பேர் சிபாரிசுக்காரர், 18 பேர் அதிருப்திக்காரர். மதிப்பெண் 34. முதலாளிக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 100 பேரை மட்டும் கேட்டு வந்த 34 என்பது, எல்லோரையும் கேட்டால் 20-க்கு அருகில் இறங்கவும் செய்யலாம், 50-ஐ நெருங்கவும் செய்யலாம். அடுத்த மாதம் அது 40 ஆனால், ருசி கூடிவிட்டது என்று கொண்டாடுவதற்கில்லை.

கேட்கும் விதத்திலும் கோளாறு உண்டு. கேரியர் கொண்டுவந்த பையனே நின்று கேட்டால், கொங்கு நாட்டில் யார் முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள்? “நல்லாத்தானுங்க இருக்குது” என்று 9 போட்டு அனுப்பிவிடுவார்கள். மேலும், இரண்டாம் வாரமே மனம் வெறுத்து நிறுத்திக்கொண்டவரை மாதக் கடைசியில் யாரும் கேட்பதில்லை. இருப்பவர்களின் குரல் மட்டுமே பதிவாகிறது.

இனி மறுசந்தாவைப் பார்ப்போம். ஆகஸ்டில் இருந்த 200 பேரில் 130 பேர் செப்டம்பருக்குக் கட்டினார்கள். அதாவது 65 சதவீதம். புதிதாக 75 பேர் சேர்ந்தார்கள். மொத்தம் 205. வளர்ச்சி போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் பழையவர்களையும் புதியவர்களையும் பிரித்துப் பார்த்தால் சங்கதி வேறு. பழைய வாடிக்கைக்காரர் 120 பேரில் 94 பேர் மீண்டும் கட்டினார்கள். ஆகஸ்டில்தான் சேர்ந்த 80 பேரில் 36 பேரே கட்டினார்கள்; 44 பேர் போய்விட்டார்கள். ஓட்டைக் குடத்தில் மேலே ஊற்றிக்கொண்டிருப்பதால்தான் தண்ணீர் மட்டம் குறையாமல் தெரிகிறது.

இந்த ஓட்டை பெரிய கம்பெனியையும் சாய்த்திருக்கிறது. நியூயார்க்கில் 2012-இல் தொடங்கிய ‘புளூ ஏப்ரன்’, அளந்து வைத்த காய்கறி, இறைச்சியைச் சமையல் குறிப்புடன் பெட்டியில் அனுப்பிய சந்தா நிறுவனம். தள்ளுபடியும் விளம்பரமும் புது ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. 2017 முதல் காலாண்டில் வாடிக்கைக்காரர் 10 லட்சத்துக்கு மேல். அந்த ஜூனில் பங்குகள் சந்தைக்கு வந்தன. ஆனால் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் விலகிவிடுகிறார்கள் என்று ஆய்வாளர் டேனியல் மக்கார்த்தி அப்போதே கணித்துக் காட்டினார். விளம்பரச் செலவு சுருங்கியதும் உண்மை வெளிப்பட்டது. 2019 முடிவில் எஞ்சியவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர். 2023-இல் கம்பெனி கைமாறியது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மறுசந்தா அதிகம், மதிப்பெண் மட்டும் குறைவு. பக்கத்தில் வேறு சாப்பாட்டு இடம் இல்லாத குறையால் வந்துகொண்டிருப்பவர்கள் இவர்கள். எதிரே இன்னொரு கடை திறந்தால் அன்றே போய்விடுவார்கள். எனவே ஒரு கணக்கை விட்டு மற்றொன்றை நம்புவதற்கில்லை.

கல்லூரி விடுமுறை மாதத்தில் மறுசந்தா சரிவது சமையல்காரரின் குற்றமல்ல. அதைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே நியாயம். ஆனால் ஆகஸ்டு, செப்டம்பரில் விடுமுறை என்று சாக்குச் சொல்ல முடியாது. போன 44 பேரில் ஊர் மாறியவர்கள் எத்தனை பேர், மூன்றாம் வாரமும் அதே சாம்பாரா என்று சலித்தவர்கள் எத்தனை பேர் என்பதை, சாப்பாடு கொண்டுபோகாத வேறொருவரைவிட்டு டெலிபோனில் கேட்கச் சொன்னால் ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும்.