உரலா, வைத்திய அறையா? உரிமைப் பேரத்தின் கணக்கு

இலண்டன் விக்மோர் வீதியில் இனிப்புப் பண்டங்கள் செய்து விற்கும் பிரிட்ஜ்மன் என்ற வியாபாரி ஒருவர் இருந்தார். அவருடைய வீட்டின் பின்பக்கச் சமையலறையில் இரண்டு பெரிய உரல்கள் இருந்தன. ஒன்று அறுபது வருடங்களுக்கு மேலாகவும் மற்றது இருபத்தாறு வருடங்களுக்கு மேலாகவும் அதே இடத்தில் இடித்துக்கொண்டிருந்தவை. பக்கத்து விம்போல் வீதி வீடொன்றுக்கு ஸ்டேர்ஜஸ் என்ற டாக்டர் குடிவந்தார். அவருடைய தோட்டத்தின் கடைசியும் வியாபாரியின் சமையலறையும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. எட்டு வருடங்கள் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதன் பிறகு டாக்டர் அந்தத் தோட்டத்தின் கடைசியில், சமையலறைச் சுவரோடு ஒட்டி, நோயாளிகளைப் பார்ப்பதற்கு ஓர் அறை கட்டினார். நெஞ்சு நோய்க்காரர்களின் மார்பில் காது வைத்துக் கேட்கவேண்டிய இடத்தில் உரல் இடிக்கும் சத்தந்தான் கேட்டது. டாக்டர் வழக்குப் போட்டார்.

நம்மில் பலர் நினைப்பதைப் போலவே பிரிட்ஜ்மனும் நினைத்தார். “நான் முந்தி வந்தவன், இருபது வருடத்துக்கு மேல் யாரும் தடுக்காமல் இடித்தவன், எனக்கு உரிமை வந்துவிட்டது” என்பதுதான் அவருடைய வாதம். நமது நாட்டில் காணி விடயத்தில் பத்து வருட ஆட்சியைச் சொல்லி வாதிடுகிறோம் அல்லவா, அதுபோல. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அறை கட்டும் வரைக்கும் சத்தத்தால் டாக்டருக்குப் பாதிப்பே இருக்கவில்லை, அந்த வருடங்களில் அவர் வழக்குப் போட்டிருக்கவும் முடியாது, ஆகவே அந்த வருடங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லி, 1879ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் டாக்டருக்குச் சார்பாகத் தடையுத்தரவை உறுதிசெய்தது.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இந்த வழக்கு இத்துடன் முடிந்துவிடும். வியாபாரிகளாகிய நமக்கு இதில் சுவையான பகுதி 81 வருடங்கள் கழித்துத்தான் வருகிறது. ரொனால்ட் கோஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துவைத்து, எவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். தீர்ப்பு மறுபக்கமாக வந்திருந்தால் உரல் தொடர்ந்து இடித்திருக்குமா?

தீர்ப்பு எப்படியோ அப்படித்தான் நடக்கும் என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். டாக்டர் வென்றால் உரல் நிற்கும், வியாபாரி வென்றால் உரல் இடிக்கும். கோஸ் இல்லை என்றார். இரண்டு பேரும் செலவில்லாமல் உட்கார்ந்து பேசக்கூடிய நிலைமை இருந்தால், யார் வென்றாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான், பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது மட்டுமே மாறும் என்றார்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் வழக்கில் உள்ளவையல்ல, விளங்கிக்கொள்வதற்காக நானாக வைத்துக்கொண்டவை.

உரல்களைச் சமையலறையின் மறுபக்கத்துக்கு மாற்ற வியாபாரிக்கு 100 பவுண் செலவாகும். டாக்டர் தன் அறையை வீட்டின் வேறு பக்கத்துக்கு மாற்ற 160 பவுண் செலவாகும். உரிமை டாக்டருக்கு என்று தீர்ப்பு வந்தால், வியாபாரி 100 பவுண் செலவழித்து உரலை நகர்த்துவார். டாக்டரிடம் போய் “நீங்கள் மாறுங்கள்” என்று கேட்டால் அவர் 160க்குக் குறைய ஒத்துக்கொள்ளமாட்டார், அதைவிட உரலை நகர்த்துவது மலிவு. இப்போது உரிமை வியாபாரிக்கு என்று வைப்போம். டாக்டருக்கு முன்னால் இரண்டு வழிகள். 160 கொடுத்துத் தன் அறையை மாற்றலாம், அல்லது வியாபாரியிடம் போய் “100க்கு மேல் ஏதாவது தருகிறேன், உரலை நகர்த்துங்கள்” என்று கேட்கலாம். 130இல் பேரம் படிந்தால் டாக்டருக்கு 30 மிச்சம், வியாபாரிக்கும் செலவு போக 30 இலாபம். உரல்தான் நகர்கிறது. இரண்டு தீர்ப்பிலும் அதே முடிவு.

தொகையை மாற்றிப் பாருங்கள். உரலை நகர்த்துவதென்றால் சமையலறையையே திருப்பிக் கட்டவேண்டும், 250 பவுண் ஆகும் என்று வைப்போம். டாக்டரின் செலவு அதே 160. உரிமை வியாபாரிக்கு என்றால் டாக்டர் பேசாமல் 160 கொடுத்து அறையை மாற்றிவிடுவார். உரிமை டாக்டருக்கு என்றாலோ, வியாபாரி 160க்கும் 250க்கும் இடையில் ஒரு தொகையைக் கொடுத்து டாக்டரை மாறச் சொல்வார். இந்த முறை நகர்வது அறை. தீர்ப்பு எதுவாக இருந்தாலும், எது மலிவோ அதுவே நகர்கிறது.

இதைத்தான் பின்னர் ‘கோஸ் தேற்றம்’ என்றார்கள். அந்தப் பெயரை வைத்தவர் ஜோர்ஜ் ஸ்டிக்ளர் என்ற சிகாகோப் பொருளியலாளர். கட்டுரை வெளிவரும் முன்பு சிகாகோப் பல்கலைக்கழகத்தார் கோஸ் சொல்வது பிழை என்று நினைத்து, ஆரன் டிரெக்டர் என்ற பேராசிரியரின் வீட்டுக்கு இரவு விருந்துக்கு அழைத்து அவரை மடக்கப் பார்த்தார்கள். வாதம் தொடங்கும்போது இருபது பேர் அவருக்கு எதிர், அவர் ஒருவர் மட்டும் சார்பு, எழும்பும்போது இருபத்தொரு பேரும் சார்பு என்று ஸ்டிக்ளர் எழுதிவைத்திருக்கிறார். கோஸ் 1991இல் நோபல் பரிசு பெற்று, 2013இல் தனது 102ஆவது வயதில் காலமானார்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். முடிவு ஒன்றுதான் என்பதற்காக இரு தரப்பாருக்கும் எல்லாம் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. மேலே சொன்ன முதல் கணக்கில் உரிமை டாக்டருக்கு என்றால் வியாபாரிக்கு 100 பவுண் நட்டம், உரிமை வியாபாரிக்கு என்றால் அவருக்கு 30 இலாபம். அவரைப் பொறுத்தவரை அந்த 130 பவுணுக்குத்தான் வழக்கே. டாக்டரின் கையில் 130 பவுண் இல்லாவிட்டால் பேரமும் படியாது. வெறுங்கையோடு இருப்பவருக்கு, உரிமை தொடக்கத்திலேயே தன் கையில் இருப்பதும் அதைப் பணம் கொடுத்து வாங்குவதும் ஒன்றல்ல. தேற்றத்தை மேலோட்டமாகச் சொல்பவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பெரிய நிபந்தனை, பேரத்துக்குச் செலவே இருக்கக்கூடாது என்பது. செலவு என்றால் சட்டத்தரணிக் கட்டணம் மட்டுமல்ல. மறுபக்கத்தாரைத் தேடிப்பிடிப்பது, அவருடைய உண்மையான தொகை என்ன என்று அறிவது, பேச்சு எழுத்தாவது, எழுதியபடி அவர் நடக்கிறாரா என்று பார்ப்பது, எல்லாம் செலவுதான். இரண்டாவது கணக்குக்குத் திரும்பிப் போங்கள். உரிமை டாக்டரிடம் இருக்கும்போது 160க்கும் 250க்கும் இடையிலுள்ள இடைவெளி 90 பவுண். பேரத்தில் இருவருக்கும் கிடைக்கக்கூடிய ஆதாயம் முழுவதும் இந்த 90க்குள்தான். பேசி முடிக்கவே 100 பவுண் ஆகுமென்றால் எவரும் பேசமாட்டார்கள். வியாபாரி 250 செலவழித்துச் சமையலறையை உடைப்பார். 160இல் முடிந்திருக்கவேண்டிய காரியத்துக்கு 90 பவுண் வீண். அந்த நிலைமையில் தொடக்கத்தில் உரிமையை யாரிடம் கொடுத்தார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பேரத்துக்கு முன் இந்த இரண்டு தொகைகளையும், ஆதாய இடைவெளியையும் பேசும் செலவையும், பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பேரம் படியுமா படியாதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கோஸே சொல்ல வந்ததும் இதுதான். செலவில்லாத உலகத்தைக் காட்டி, ‘எல்லாம் தானாகச் சரியாகும்’ என்று அவர் எழுதியதாகப் பலர் சொல்வதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. நாம் வாழும் உலகத்தில் செலவு இருக்கிறது, ஆகவே சட்டம் உரிமையை எங்கே வைக்கிறது என்பது முக்கியம் என்று காட்டுவதற்கே அவர் அந்தக் கற்பனை உலகத்தைப் பாவித்தார்.

பணத்தில் எழுத முடியாத செலவும் உண்டு. அமெரிக்காவில் வார்ட் ஃபார்ன்ஸ்வேர்த் என்ற சட்டப் பேராசிரியர், அயலவர் தொல்லை சம்பந்தமாகத் தீர்ப்பு வரை போன இருபது வழக்குகளை எடுத்து, அவற்றில் வாதாடிய சட்டத்தரணிகளை விசாரித்து 1999இல் வெளியிட்டார். தீர்ப்புக்குப் பிறகு தோற்றவர் வென்றவரிடமிருந்து உரிமையை வாங்குவதற்குப் பேரம் பேசினாரா என்பதே கேள்வி. இருபதில் ஒன்றில்கூட நடக்கவில்லை. வழக்காடிய மனிதர்கள் ஒருவரையொருவர் வெறுத்துவிட்டார்கள், தங்கள் உரிமையைக் காசுக்கு விற்பதையும் அவர்கள் விரும்பவில்லை என்பதே சட்டத்தரணிகள் சொன்ன காரணம். வழக்குச் செலவு போய், நட்பும் போய், கடைசியில் பேசவேண்டிய வாயும் மூடிப்போகிறது. ஆட்டுச் சந்தையில் நூறு ரூபாவுக்காக அரை மணித்தியாலம் பேரம் பேசும் மனிதர், மதில் பிரச்சினை என்று வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். நம்மவர்களிலும் இது உண்டு.

பிரிட்ஜ்மன் வழக்கில் பேரத்துக்கு மிகவும் மலிவான நேரம் ஒன்று இருந்தது. அது டாக்டர் அடித்தளம் வெட்டுவதற்கு முன்னர். அப்போது அறையை வேறு இடத்தில் கட்டுவதற்கு அவருக்கு அநேகமாக மேலதிகச் செலவே இருந்திருக்காது. கட்டி முடித்த பிறகுதான் இரு பக்கமும் தொகை ஏறியது, கோபமும் ஏறியது. நமது நாட்டில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் அமைக்கப்பட்டதை இந்தக் கண்ணால் பார்க்கலாம். பேசும் செலவைக் குறைத்து, வழக்குக்கு முன்னர் இரண்டு பேரை ஒரே மேசையில் இருத்துவதே அவற்றின் வேலை.

இதுவரை சொன்னது இரண்டு பேருடைய கதை. ஆட்கள் கூடினால் கணக்கு மாறிவிடும். பிரிக்கப்படாத பங்கோடு வாரிசுகளுக்கு வந்த ஒரு கடைக் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு பங்காளிகள் என்று வைப்போம். வாங்க வருபவருக்கு அந்த இடம் முழுவதாகக் கிடைத்தால் 55 இலட்சம் பெறுமதி, பங்காளிகள் இப்போதிருப்பதைப் போல வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் சேர்த்து 33 இலட்சம். 22 இலட்சம் ஆதாயம் மேசையில் கிடக்கிறது. பத்துப் பேர் ஒரு பங்கு நான்கு இலட்சம் என்று சம்மதித்துவிட்டார்கள். பதினோராவது ஆளுக்குத் தெரியும், தன் கையெழுத்து இல்லாமல் முழு இடமும் சேராது என்று. அவர் 15 இலட்சம் கேட்டாலும் 55க்குள் அடங்கும். இதைக் கேள்விப்பட்டால் மற்றப் பத்துப் பேரும் தங்கள் பேச்சை மாற்றுவார்கள். ஆளுக்கு ஆறு இலட்சம் என்றாலே 66 ஆகிவிடும், வாங்க வந்தவர் எழுந்து போவார். சட்டத்தரணிக்கு ஒரு சதமும் கொடுக்காமலேயே பேரம் செத்துவிடும். இப்படியான காணிக்குப் பேரம் படியாதபோது இருக்கும் வழி, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போய்ப் பங்கைப் பிரித்தெடுப்பது அல்லது விற்றுப் பணத்தைப் பகிர்ந்துகொள்வது. அந்த வழக்குகள் எவ்வளவு காலம் இழுபடும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.