சலுகைக் காலத்திலும் ஓடும் வட்டி

உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத மாணவர்களுக்காக 2017இல் அரசு வட்டியில்லாக் கல்விக்கடன் திட்டத்தை ஆரம்பித்தது. அதில் வங்கி வட்டி கணக்கிடுகிறது, ஆனால் அதை மாணவனுக்குப் பதிலாக அரசு செலுத்துகிறது. இந்தத் திட்டத்தின் பெயர் நம்மவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. அதனால் வங்கியில் சாதாரண கல்விக்கடன் எடுப்பவர்களும், "படித்து முடியும் வரை ஒன்றும் கட்டத் தேவையில்லை" என்று கேட்டவுடன், அதுவரை வட்டியும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வட்டியிலிருந்து விலகியிருக்க விரும்பும் குடும்பங்களும் இப்படித்தான் கையெழுத்திடுகின்றன. ஆனால் சலுகைக் காலம் தள்ளிப்போடுவது தவணையை மட்டுமே. வட்டி, பணம் விடுவிக்கப்பட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மூன்று வருடப் படிப்புக்கு 12 இலட்சம் ரூபா கடன். ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 4 இலட்சம் வீதம் கல்லூரிக்குப் போகிறது. வட்டி 12 வீதம், படிப்பு முடிந்த பின் ஒரு வருடம் சலுகை. முதல் 4 இலட்சத்துக்கு நான்கு வருட வட்டி 1,92,000 ரூபா. இரண்டாவதற்கு மூன்று வருடம், 1,44,000. கடைசியாக எடுத்ததற்கு இரண்டு வருடம், 96,000. மொத்தம் 4,32,000 ரூபா. சலுகை முடியும் நாளில் வங்கி இதை முதலோடு சேர்த்துவிடும். கடன் இப்போது 16,32,000.

பெற்றோர் 12 இலட்சத்தை 60 மாதங்களால் பிரித்து 20,000 என்று கணக்கிட்டிருப்பார்கள். வரும் கடிதத்திலோ மாதத் தவணை ஏறக்குறைய 36,300 ரூபா. முதல் மாதத் தவணையில் 16,320 ரூபா வட்டிக்கே போகிறது. சேர்ந்த வட்டிக்கும் இனி வட்டி உண்டு என்பதுதான் இதில் கசப்பான இடம். இது தனி வட்டிக் கணக்கு. மாதாமாதம் வட்டியை முதலோடு சேர்க்கும் கடனாக இருந்தால், சலுகை முடியும்போதே இன்னும் 93,000 ரூபா கூடியிருக்கும்.

வங்கி இதை ஒளித்து வைப்பதாகச் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் வட்டி வீதம் இருக்கும், சலுகைக் காலமும் இருக்கும். இரண்டையும் பெருக்கி வரும் தொகைதான் கண்ணில் படுவதில்லை. நான்கு வருடங்களாக எவரும் பணம் கேட்காததால், கணக்குக்கூற்றை எடுத்துப் பார்க்கும் எண்ணமும் வருவதில்லை. 2020இல் கொவிட் நிவாரணமாகத் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டபோதும் பலர் இப்படித்தான் ஏமாந்தார்கள்.

கையெழுத்திடும் முன், சலுகை முடியும் நாளில் கடன் மீதி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டலாமா என்பதையும் கேளுங்கள். மேலே சொன்ன கடனில் அது முதல் வருடம் மாதம் 4,000, இரண்டாம் வருடம் 8,000, பிறகு 12,000. அப்படிக் கட்டியவருக்கு வரும் தவணை ஏறக்குறைய 26,700 ரூபாதான். முழுவதும் கட்ட இயலாதவர் முதல் வருட 4,000ஐ மட்டும் கட்டினாலும், பின்னர் முதலோடு சேரும் தொகையில் 48,000 குறையும்.